ஆன்லைனில் விற்கும் பொருளின் பக்கத்தில் தயாரிப்பாளர், நாடு, காலாவதி தேதி இல்லையா? பார்ப்பதற்கும் புகார் செய்வதற்கும் முழுமையான வழிகாட்டி

கடையில் ஒரு டப்பாவை எடுத்தால் திருப்பிப் பார்க்கிறோம். யார் செய்தது, எங்கே செய்தது, எப்போது கெட்டுப்போகும் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். ஆன்லைனில் திருப்பிப் பார்க்க முடியாது. அதனால், டப்பாவின் பின்புறத்தில் இருக்க வேண்டியதில் பெரும்பகுதி விற்பனைப் பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் பல பக்கங்களில் அந்த இடம் காலியாக இருக்கிறது, அல்லது "பாக்கெட்டைப் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் பாக்கெட்டை எங்கே போய்ப் பார்ப்பது?

இந்த வழிகாட்டி இந்தியாவில் பொருந்தும் விதிகளைப் பற்றியது. புகாரின் படிகளில் தமிழ்நாட்டு அலுவலகங்களைச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: விவரம் இல்லை என்பதும் விவரம் தப்பு என்பதும் சட்டத்தில் இரண்டு வேறு புகார்கள். பொறுப்பாளி மாறுவார். பலருடைய புகார் பந்து போல அங்கும் இங்கும் உருட்டப்படுவதற்கு, இந்த இரண்டையும் கலந்து எழுதுவது ஒரு முக்கியக் காரணம்.

## எந்தச் சட்டம் எதைக் கேட்கிறது

இரண்டு விதித் தொகுப்புகள் தெரிந்தால் போதும்.

முதலாவது, 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள். பாக்கெட்டின் மேல் எம்.ஆர்.பி., நிகர எடை எல்லாம் அச்சாவது இதனால்தான். 2017-இல் செய்து 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்த விவரங்களை இணையத்திலும் காட்ட வேண்டும் என்று சேர்த்தது. அது 6-ஆம் விதியின் 10-ஆம் உட்பிரிவு. புகாரில் எழுத வேண்டிய எண் இதுதான்: விதி 6(10).

இதன்படி பக்கத்தில் இருக்க வேண்டியவை: தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும்; பாக்கெட் போட்டவர் வேறு ஆள் என்றால் அவருடையதும்; வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பது; பொருளின் பொதுப்பெயர்; நிகர அளவு; எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி.; புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல்.

பொட்டல விதியில் ஒரே ஒரு விலக்கு உண்டு, பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். தயாரித்த அல்லது பாக்கெட் போட்ட மாதமும் ஆண்டும் இணையப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்று அந்த விதியே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு லாட்டுக்கும் அது மாறும் என்பதால் கொடுத்த சலுகை. "தயாரித்த மாதம் போடவில்லை" என்று புகார் எழுதினால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தப் புகாரையும் தட்டிக்கழிப்பார்கள். அதைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள். இதில் 6-ஆம் விதி விற்பனையாளருக்கானது. வாங்குவதற்கு முன்பே வாடிக்கையாளர் யோசித்து முடிவெடுக்கத் தேவையான விவரங்களை அவர் தர வேண்டும். அதில் பொருளின் உற்பத்தி நாடும் அடக்கம். பொருந்தும் இடங்களில் காலாவதி தேதியும் காட்ட வேண்டும் என்று அதே விதியின் 5-ஆம் உட்பிரிவு சொல்கிறது. காலாவதி தேதி பற்றிய புகாருக்கு இந்த விதியைச் சொல்வதே சரி, பொட்டல விதியை அல்ல.

உணவில் ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் விற்கும் உணவுப் பாக்கெட்டின் முன்பக்கப் படம் தெளிவாக இருக்க வேண்டும், ஆனால் பேட்ச் எண், தேதி போன்றவை அந்தப் படத்தில் தெரிய வேண்டியதில்லை என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. அதனால் "படத்தில் தேதி தெரியவில்லை" என்று எழுதுவதால் பயனில்லை. "விற்கப்படும் பொருளின் காலாவதி தேதி பக்கத்தில் எங்குமே தரப்படவில்லை" என்று எழுதுங்கள். உணவுக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது: வீட்டுக்கு வந்து சேரும்போது, மொத்த ஆயுளில் 30 சதவீதமோ அல்லது காலாவதிக்கு 45 நாளோ மீதம் இருக்க வேண்டும் என்று ஆணையம் மின்வணிக நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. பத்து நாளில் முடியப்போகும் ஓட்ஸ் பாக்கெட் வந்தால் அதையே புகாராக்கலாம்.

பொட்டல விதியிலிருந்து தப்பித்துப்போகும் பொருட்களும் உண்டு. 10 கிராம் அல்லது 10 மில்லி வரையுள்ளவை, 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைகள், ஓட்டலில் கட்டித் தரும் சாப்பாடு, தொழிற்சாலைகளுக்கென்றே விற்கும் சரக்கு முதலியவை. சின்ன சாஷேவுக்கு இந்த விதியைக் காட்டிச் சண்டை போட முடியாது.

## முதல் படி: வாங்கும் முன் பக்கத்தைப் படிப்பது

பொருளின் படத்துக்குக் கீழே இருக்கும் கவர்ச்சியான வரிகளில் இதெல்லாம் இருக்காது. கீழே இறங்கிப் போக வேண்டும். சில தளங்களில் கூடுதல் தகவல் என்ற பகுதியில் இருக்கும்; சிலவற்றில் தயாரிப்பு, பாக்கெட், இறக்குமதி விவரம் என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைத் தொட்டால்தான் விரியும். செயலியில் தெரியாதது சில நேரம் கணினி உலாவியில் தெரியும். அதனால் "இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இரண்டிலும் பாருங்கள்.

பார்க்கும்போது கண்ணில் மண் தூவும் சில பதில்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

தயாரிப்பாளர் என்ற இடத்தில் பிராண்டின் பெயர் மட்டும் இருக்கும். பிராண்டு தயாரிப்பாளர் ஆகாது, முகவரியும் வேண்டும். அதேபோல "சந்தைப்படுத்துபவர்" என்று மட்டும் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதாது. யாருக்காகவோ யாரோ செய்துகொடுத்த பொருள் அது, செய்தவர் யார் என்றுதான் விதி கேட்கிறது.

`Country of Origin` என்ற இடத்தில் "பொருந்தாது" என்றோ, பாக்கெட்டைப் பார்க்கவும் என்றோ இருந்தால் அது காலி என்றே கொள்ளுங்கள். இன்னொரு வகை ஆபத்தானது: எல்லாப் பொருளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு "இந்தியா" என்று போட்டுவிடுவது. விற்பனையாளர் பக்கத்தை உருவாக்கும்போது ஏதோ ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும் என்றால், கைக்கு வந்ததைத் தட்டிவிடுவார்கள்.

நாட்டைக் கண்டுபிடிக்க பார்கோடைப் பார்க்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 890-இல் தொடங்கினால் இந்தியப் பொருள் என்பார்கள். அந்த எண், பார்கோடு எந்த நாட்டு அமைப்பிடம் பதிவு வாங்கப்பட்டது என்பதைத்தான் காட்டும். இந்திய நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் செய்து வாங்கி வந்தாலும் 890 வரும். புகாரில் பார்கோடை ஆதாரமாக வைக்காதீர்கள்.

காலாவதிக்கும் ஒரு குழப்பம் உண்டு. அழகுசாதனப் பொருட்களில் திறந்த டப்பா போன்ற ஒரு சின்னமும் அதற்குள் 12M என்றும் இருக்கும். திறந்த பிறகு பன்னிரண்டு மாதம் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். காலாவதி தேதி அது அல்ல. பக்கத்தில் "ஆயுள்: 24 மாதம்" என்று மட்டும் போட்டிருந்தாலும் அதே கதைதான். எந்த நாளிலிருந்து 24 மாதம் என்று தெரியாதபோது அதை வைத்து என்ன செய்வது?

## இரண்டாம் படி: ஆதாரத்தை முதலில் எடுத்து வைப்பது

இதை நான் அழுத்திச் சொல்வேன். புகார் கொடுத்த மறுநாளே பக்கம் திருத்தப்பட்டுவிடும். பிறகு "எல்லா விவரமும் இருக்கிறதே" என்று பதில் வரும். உங்கள் ஆர்டர் பட்டியலில் இருந்து அந்தப் பொருளைத் தொட்டாலும் இன்றைய பக்கத்துக்குத்தான் போகும், நீங்கள் வாங்கிய நாளின் பக்கத்துக்கு அல்ல.

ஆகவே கணினியில் பக்கத்தைத் திறந்து, மடிந்திருக்கும் எல்லாப் பகுதிகளையும் விரித்து, முழுப் பக்கத்தையும் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். அச்சிடும் கட்டளையிலேயே அந்த வசதி இருக்கிறது. தலைப்பு, அடிக்குறிப்பு வசதியை இயக்கியிருந்தால் இணைய முகவரியும் தேதியும் தாளின் ஓரத்தில் தானாகவே விழும். கைபேசிதான் இருக்கிறது என்றால், மேலிருந்து கீழ் வரை தொடர்ச்சியாகத் திரைப்பதிவு எடுங்கள். காலியாக இருக்கும் இடத்தை மட்டும் தனியாக எடுத்தால், "வேறு இடத்தில் இருந்தது" என்று சொல்ல வழி கிடைத்துவிடும். பொருளின் இணைப்பையும், விற்பனையாளர் பெயரையும் தனியே எழுதி வையுங்கள். ஒரே பக்கத்தில் நான்கு விற்பனையாளர்கள் இருப்பார்கள், யாரிடம் வாங்கினீர்கள் என்பது முக்கியம்.

பொருள் வந்ததும், பிரிப்பதற்கு முன் வெளி அட்டையின் ஒட்டுத்தாளைப் படம் எடுங்கள். பிறகு பொருளின் எல்லாப் பக்கங்களையும், டியூப் என்றால் மடித்து அழுத்திய ஓரத்தையும். தேதி பெரும்பாலும் அங்கேதான் புடைப்பாக இருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால்தான் படத்தில் விழும்.

இன்வாய்ஸைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். இதில் விற்பனையாளரின் பதிவுப் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் இருக்கும். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகம், 07 டெல்லி. எந்த மாநில அதிகாரிக்கு எழுதுவது என்று தீர்மானிக்க இது உதவும்.

## ஒரு பொருளை எடுத்துப் பார்ப்போம்

நடைமுறையில் எப்படி வரும் என்று காட்ட, ஒரு மாதிரி: 50 மில்லி கொரிய சன்ஸ்கிரீன். எம்.ஆர்.பி. 1,250 ரூபாய், விற்பனை விலை 849.

பக்கத்தில் பொதுப்பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, விலை இருக்கிறது. தயாரிப்பாளர் இடத்தில் பிராண்டு பெயர் மட்டும். இறக்குமதியாளர் என்ற வரியே இல்லை. உற்பத்தி நாடு: இந்தியா. காலாவதி பற்றி ஒன்றும் இல்லை.

பொருள் வந்தது. டியூப் முழுக்கக் கொரிய எழுத்து. அடியில் ஆங்கிலத்தில், கொரியாவில் தயாரிக்கப்பட்டது என்று ஒரு வரி. டியூபின் ஓரத்தில் ஆண்டு முதலில் வரும்படி எட்டு இலக்கம் புடைப்பாக இருக்கிறது. அது தயாரித்த நாளா, முடியும் நாளா என்று சொல்லக்கூடிய சொல்லும் கொரிய மொழியில்தான். இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் எங்கும் ஒட்டவில்லை.

இப்போது இதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று தனித்தனிப் புகார்கள் கிடைக்கின்றன.

தயாரிப்பாளர் முகவரி, இறக்குமதியாளர், காலாவதி: இவை இல்லை. விதி 6(10), விவரங்கள் பக்கத்தில் தெரியும்படி பார்த்துக்கொள்ளும் கடமையை மின்வணிக நிறுவனத்தின் மீது, அதாவது தளத்தின் மீது வைக்கிறது. காலியான இடம் தளத்தின் பொறுப்பு. காலாவதிக்கு மட்டும் மின்வணிக விதி 6(5)-ஐச் சேர்த்துக்கொள்கிறோம், அது விற்பனையாளரின் கடமை.

உற்பத்தி நாடு: இது தப்பு. அதே விதி 6(10)-இன் இணைப்பு வாசகம் சொல்வது, தளம் வெறும் சந்தையாக மட்டும் இருந்து, வேண்டிய கவனத்தோடு நடந்திருந்தால், சொன்ன விவரம் சரியா என்பதற்குத் தயாரிப்பாளரோ விற்பனையாளரோ இறக்குமதியாளரோதான் பொறுப்பு. "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்று தளம் சொல்வது இந்த இடத்தில்தான் செல்லும். காலி இடத்துக்கும் அதே பதிலைச் சொன்னால் செல்லாது. புகாரில் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

மூன்றாவது, பொருளின் மேலேயே ஸ்டிக்கர் இல்லாதது. இது பக்கத்தைத் தாண்டிய விஷயம். வெளிநாட்டு அழகுசாதனப் பொருளை இந்தியாவுக்குள் விற்கப் பதிவுச் சான்று வேண்டும். அந்தப் பதிவு எண்ணும் சான்று வைத்திருப்பவர் பெயரும் லேபிளில் இருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள். ஸ்டிக்கரே இல்லை என்றால், முறையான வழியில் வந்த சரக்கா என்ற கேள்வி எழுகிறது. இதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான் கவனிக்கும். அப்படிப்பட்ட கிரீமை முகத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிரிக்காமல் வைத்திருந்தால் பணத்தைத் திரும்பப் பெறவும் வசதி.

## மூன்றாம் படி: தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுவது

வாடிக்கையாளர் சேவை அரட்டையில் தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் "வருந்துகிறோம்" என்பதும், திருப்பி அனுப்பும் பொத்தானும்தான். ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தளத்திலேயே காட்ட வேண்டும் என்பது மின்வணிக விதி 4. பக்கத்தின் அடியில், விதிமுறைகள் அல்லது தொடர்புக்கு என்ற பகுதியில் தேடுங்கள். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மின்னஞ்சல் போன நாளைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த படிக்கு எப்போது போகலாம் என்று தெரியும்.

கடிதம் நீளமாக வேண்டாம். மேலே பார்த்த சன்ஸ்கிரீனுக்கு இப்படி எழுதலாம்:

> ஐயா / அம்மையீர்,
>
> ஆர்டர் எண் ______, தேதி ______. பொருளின் இணைப்பு: ______. விற்பனையாளர் (இன்வாய்ஸின்படி): ______.
>
> 1. நான் ஆர்டர் செய்த நாளில் இந்தப் பொருளின் பக்கத்தில் தயாரிப்பாளரின் முகவரி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி ஆகியவை காட்டப்படவில்லை. இது பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011, விதி 6(10)-க்கு முரணானது. விவரத்தைக் காட்டவே செய்யாதது தங்கள் தளத்தின் பொறுப்பு. விவரம் சரியா தவறா என்ற கேள்வி அல்ல.
>
> 2. காலாவதி தேதி தரப்படவில்லை. இது நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020, விதி 6(5)-க்கு முரணானது.
>
> 3. உற்பத்தி நாடு "இந்தியா" என்று காட்டப்பட்டுள்ளது. வந்த பொருளில் கொரியா என்று அச்சாகியுள்ளது. படம் இணைத்துள்ளேன்.
>
> 4. பொருளில் இறக்குமதியாளரின் விவரமோ பதிவு எண்ணோ இல்லை.
>
> நான் கேட்பது: (அ) 849 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும், (ஆ) பக்கத்தைத் திருத்தவோ நீக்கவோ வேண்டும், (இ) மின்வணிக விதி 5(3)-இன்படி விற்பனையாளரின் தலைமை அலுவலக முகவரி, மின்னஞ்சல், தொடர்பு விவரங்களை எனக்கு எழுத்தில் தர வேண்டும்.
>
> இணைப்பு: பக்கத்தின் பி.டி.எஃப்., பொருளின் படங்கள், இன்வாய்ஸ்.

இதில் மூன்றாவது கோரிக்கை பலருக்குத் தெரியாதது. பொருள் வாங்கியவர் எழுத்தில் கேட்டால், விற்பனையாளரைத் தொடர்புகொள்ளத் தேவையான விவரங்களைத் தளம் கொடுத்தே ஆக வேண்டும். பின்னால் நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தால், எதிர்த்தரப்பின் முகவரி இல்லாமல் வழக்கு நகராது.

"இந்த வகைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று வந்தால் அசர வேண்டாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதி 6 சொல்கிறது. ரிட்டர்ன் கொள்கை நீங்கள் மனம் மாறியதற்கானது. இங்கே மனம் மாறியது நீங்கள் இல்லை. ஒன்று மட்டும்: பொருளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் படங்கள் எல்லாம் தெளிவாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிடுங்கள். அப்புறம் ஆதாரம் அவர்கள் கையில்.

## நான்காம் படி: தேசிய நுகர்வோர் உதவி எண்

தளம் பதில் சொல்லவில்லை, அல்லது சாக்கு சொல்கிறது என்றால் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். எழுத்தில் பதிவது எனக்குப் பிடித்த வழி: consumerhelpline.gov.in தளத்தில் கணக்கு தொடங்கிக் கோப்புகளை இணைக்கலாம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பும் உண்டு. பதிந்ததும் ஒரு புகார் எண் தருவார்கள்.

இது நீதிமன்றம் இல்லை, அபராதம் போடாது. நிறுவனத்துக்கு அனுப்பி, பேசித் தீர்க்க வைக்கும். பெரிய தளங்கள் பல இதோடு நேரடியாக இணைந்திருப்பதால், அரட்டையில் நடக்காத பணம் திரும்புவது இங்கே நடந்துவிடுவதுண்டு. ஆனால் பணம் வந்ததும் புகாரை "முடிந்தது" என்று மூடிவிடுவார்கள். பக்கம் அப்படியே இருக்கும். உங்களுக்குப் பணம் மட்டும் போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

## ஐந்தாம் படி: அமலாக்கும் அதிகாரிகள்

பக்கம் திருந்த வேண்டும், செய்தவர் மேல் நடவடிக்கை வேண்டும் என்றால் வேறு வாசல். தமிழ்நாட்டில் சட்டமுறை எடையளவு தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. மாவட்டத்தில் இதைக் கவனிப்பவர் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). காய்கறிக் கடைத் தராசையும் பெட்ரோல் பங்க்கையும் சோதிக்கும் அதே அலுவலகம்தான். TN-LMCTS என்ற கைபேசிச் செயலி வழியாகவும் புகார் பதியலாம். விற்பனையாளர் வேறு மாநிலம் என்றால், அந்த மாநிலத்தின் சட்டமுறை எடையளவுக் கட்டுப்பாட்டாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இல்லாவிட்டால் "எங்கள் எல்லையில் இல்லை" என்று கடிதம் வந்து நிற்கும்.

இங்கே புகார் கொடுக்க நீங்கள் பொருளை வாங்கியிருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தைப் பார்த்தாலே போதும். அதே சமயம், விதிக்கப்படும் அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. தொகையும் பெரிதில்லை. 2020 அக்டோபரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, உற்பத்தி நாடு உள்ளிட்ட விவரங்கள் இல்லை என்று அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் நோட்டீஸ் அனுப்பியது; பிறகு அமேசானுக்கு விதித்த அபராதம் 25,000 ரூபாய். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இது டீச்செலவுதான். ஆனாலும் நோட்டீசுக்குப் பதில் எழுத வேண்டிய தொல்லைக்காகவாவது பக்கத்தைத் திருத்துவார்கள்.

உணவு என்றால் வாசல் மாறும். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். யார் உரிமம், எந்த ஊர் என்று அதை வைத்துத்தான் பிடிப்பார்கள். சன்ஸ்கிரீன் கடிதத்தில் எழுதிய நான்காவது குறை, அதாவது பதிவு எண் இல்லாதது, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநருக்குப் போக வேண்டும்.

ஒரே விற்பனையாளர் நூறு பொருளுக்கு "இந்தியா" என்று போட்டிருக்கிறார், அல்லது ஒரு வகைப் பொருள் முழுக்கவே இப்படித்தான் இருக்கிறது என்று கண்டால், அது பலரைப் பாதிக்கும் விஷயம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு com-ccpa@nic.in என்ற முகவரியில் எழுதலாம். தனி ஒருவரின் பணத்தை மீட்டுத் தருவது அவர்கள் வேலை இல்லை. அதனால் உங்கள் 849 ரூபாயை முன்னால் வைக்காமல், எத்தனை பக்கங்கள், எந்த விற்பனையாளர், என்ன ஒரே மாதிரித் தவறு என்பதை நான்கைந்து இணைப்புகளோடு காட்டுங்கள்.

## ஆறாம் படி: நுகர்வோர் ஆணையம், தேவைப்பட்டால்

பணம் வரவில்லை, அல்லது அந்தப் பொருளால் உடம்புக்குக் கேடு, வேறு இழப்பு என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; விற்பனையாளர் டெல்லியில் இருக்கிறார் என்பதற்காக டெல்லிக்கு ஓட வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

849 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போகலாமா என்றால், பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. முகம் வெந்து, மருத்துவர் சீட்டும் செலவுக் கணக்கும் கையில் இருந்தால் கதை வேறு. அப்போது தளம், விற்பனையாளர் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

## புகார் எங்கே தடுக்கி விழும்

"பக்கம் இப்போது சரியாக இருக்கிறது" என்ற பதிலுக்கு உங்கள் பி.டி.எஃப். தான் மறுமொழி. பின்னால் திருத்தியதால், வாங்கிய நாளில் விவரம் இல்லாமல் இருந்தது மாறிவிடாது.

"நாட்டைப் போட வேண்டியது வெளிநாட்டுப் பொருளுக்குத்தான்" என்பார்கள். பொட்டல விதியைப் பொறுத்தவரை அது உண்மை. உள்நாட்டுச் சோப்புக்கு அந்த விதியை மட்டும் காட்டினால் புகார் நிற்காது. மின்வணிக விதி 6(5)-இல் அந்த வேறுபாடு இல்லை, அதைக் காட்டுங்கள்.

"பொருளை எங்களுக்கு அனுப்புங்கள், ஆய்வு செய்கிறோம்" என்று கேட்டால், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். அமலாக்க அதிகாரிக்குப் புகார் போயிருந்தால், அவர் பார்க்கும் வரை பொருளைக் கையில் வைத்திருப்பதே நல்லது. பணம் திரும்ப வேண்டும் என்ற அவசரமும் நடவடிக்கை வேண்டும் என்ற ஆசையும் இங்கே மோதும். இரண்டில் எது முக்கியம் என்று முதல் மின்னஞ்சல் எழுதும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.